லைடார் பட்டைகள் பொருந்தவில்லை: ஓவர்லேப்பைக் கூட்டுவதா, கேலிப்ரேஷன் பறப்பா, மென்பொருளில் சரிக்கட்டுவதா?

லேசரால் தூரம் அளக்கும் லைடார் கருவியை ட்ரோனில் கட்டித் தரையை அளக்கிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. ட்ரோன் ஒருமுறை நேராகப் பறந்து அளக்கும் தரைத் துண்டைத்தான் பட்டை என்கிறோம். பக்கத்துப் பக்கத்தில் பறந்த இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், தரை ஒரு கோடாகத் தெரியாமல் இரண்டு கோடாகத் தெரிகிறது, என்ன செய்வது?

கேட்டவருக்கு மூன்று விதமான யோசனை கிடைக்கும். பக்கத்துப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் ஓவர்லேப்பை அதிகமாக்கிப் பட்டையின் ஓரங்களை வெட்டி எறியுங்கள் என்பார் ஒருவர். தனியாக ஒரு கேலிப்ரேஷன் பறப்பு பறந்து கோணப் பிழையைக் கண்டுபிடியுங்கள் என்பார் இன்னொருவர். மூன்றாமவர், அதெல்லாம் வேண்டாம், பட்டைகளைத் தானாகப் பொருத்தும் மென்பொருள் வாங்குங்கள் என்பார். மூன்றுமே பயன்படும் வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் சரிசெய்வது வேறு வேறு பிழையை. எந்தப் பிழை என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால், பட்டைகள் அழகாகப் பொருந்தும், தரை உயரம் மட்டும் தப்பாகவே இருக்கும்.

பேச வசதியாக ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கோடையில் வறண்டு கிடக்கும் ஓர் ஏரிப் படுகை, 1 கி.மீ. நீளம், 1 கி.மீ. அகலம். ட்ரோன் 80 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஸ்கேனர் நேர்கீழிலிருந்து இரு பக்கமும் 35 டிகிரி வரை பார்க்கிறது. அப்படியானால் ஒவ்வொரு பக்கமும் 56 மீட்டர், மொத்தப் பட்டை அகலம் 112 மீட்டர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த ஏரியை வைத்துத்தான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் அளவுகோல், பிழை நிலையானதா, நேரத்தோடு மாறுவதா என்பது. ஸ்கேனரும், ட்ரோனின் சாய்வையும் திருப்பத்தையும் அளக்கும் ஐஎம்யூவும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் போர்சைட் கோணங்கள் என்கிறோம்: பக்கவாட்டுச் சாய்வான ரோல், முன்பின் சாய்வான பிட்ச், திசைத் திருப்பமான ஹெடிங் என்று மூன்று. அதில் பிழை இருந்தால் அது பறப்பு முழுக்க ஒரே அளவில் இருக்கும். ஐஎம்யூவின் நகர்வும், செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் ஜிஎன்எஸ்எஸ் தரும் உயரத்தின் அலைச்சலும் அப்படியல்ல. அவை நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

இரண்டாவது, தரை எப்படிப்பட்டது என்பது. கூரை, கரைச் சரிவு, பாறை முகம் என்று பல திசையில் சாய்ந்த பரப்புகள் இருந்தால் எல்லாப் பிழையும் கண்ணில் படும். வெறும் சமதரையில் பாதிப் பிழைகள் தெரியவே தெரியாது.

மூன்றாவது, வரைபடம் எதற்கு என்பது. வண்டல் எவ்வளவு எடுக்கலாம் என்ற கன அளவுக்கும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற சாய்வுக்கும் கெடுதல் செய்யும் பிழைகள் ஒன்றல்ல.

செலவு நான்காவது. பறக்கும் நேரம், மென்பொருள் உரிமம், உட்கார்ந்து பார்க்கும் ஆளின் நேரம் எல்லாம் இதில் அடக்கம்.

இவற்றோடு, இரண்டு விதத் துல்லியத்தைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பட்டைகள் தங்களுக்குள் ஒத்துப்போவது ஒன்று. தரையின் உண்மையான உயரத்தோடு ஒத்துப்போவது இன்னொன்று. அமெரிக்காவின் புவியியல் ஆய்வு அமைப்பான யுஎஸ்ஜிஎஸ் தன் லைடார் விவரக்குறிப்பில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது. QL2 தரத்துக்கு, பட்டைகளுக்கிடையேயான வித்தியாசம் 8 செ.மீ.க்குள்ளும், தரையில் அளந்த புள்ளிகளோடு ஒப்பிட்ட உயரப் பிழை 10 செ.மீ.க்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டும் வர்க்கமூலச் சராசரி அளவில். முதலாவது தேறியதால் இரண்டாவதும் தேறிவிட்டதாக அந்தக் குறிப்பு எடுத்துக்கொள்வதில்லை.

## 0.05 டிகிரி என்ன செய்யும்

ரோல் கோணத்தில் 0.05 டிகிரி பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்கும்போது ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ரேடியனில் அது 0.00087. தரையில் இதன் விளைவு இரண்டு வகை.

பக்கவாட்டில் எல்லாப் புள்ளியும் உயரம் × கோணம் அளவுக்கு நகரும். 80 மீட்டரை 0.00087ஆல் பெருக்கினால் 7 செ.மீ. உயரத்தில், பறப்புக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறோமோ அந்தத் தூரம் × கோணம். நேர்கீழே பூஜ்யம், 56 மீட்டர் ஓரத்தில் 4.9 செ.மீ. அதாவது பட்டை முழுவதும் ஒரு பலகைபோல் ஒரு பக்கம் தூக்கி, மறுபக்கம் தாழ்ந்து நிற்கும்.

இப்போது கவனியுங்கள். வழக்கமாக ட்ரோன் ஏர் உழுவதுபோல் போய்த் திரும்பி வருகிறது. வடக்கே போகும் பட்டையில் வலது பக்கம், அதாவது கிழக்கு, தூக்கியிருக்கிறது. அதற்குக் கிழக்கே தெற்கு நோக்கி வரும் அடுத்த பட்டையிலும் வலது பக்கம்தான் தூக்கும்; ஆனால் அதன் வலது பக்கம் மேற்கு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டுமே மேலே தூக்கியிருக்கின்றன. ஓவர்லேப்பின் நடுக்கோட்டில் இரண்டின் பிழையும் ஒரே அளவு, ஒரே திசை. அங்கே குறுக்கே வெட்டிப் பார்த்தால் பட்டைகள் கச்சிதமாகப் பொருந்தும்! அடுத்த சந்திப்பில் இரண்டு இடது பக்கங்கள் சேர்கின்றன; அங்கே இரண்டும் ஒன்றாகத் தாழ்ந்திருக்கும். ஏரிப் படுகை முழுக்க ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று மாறி மாறி அலை ஓடும். தரைக்கும் அந்த அலைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இதில் ஓவர்லேப் எவ்வளவு என்பது எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள்.

| | 20% ஓவர்லேப் | 50% ஓவர்லேப் |
|---|---|---|
| கோடுகளுக்கிடையே தூரம் | சுமார் 90 மீ. | 56 மீ. |
| பட்டைகளுக்கிடையே கண்ணில் படும் அதிகபட்ச வித்தியாசம் | 1.9 செ.மீ. | 4.9 செ.மீ. |
| ஓவர்லேப் நடுவில் மறைந்திருக்கும் பிழை | 3.9 செ.மீ. | 2.4 செ.மீ. |
| ஏரி முழுவதற்கும் கோடுகள் | 12 | 18 |
| கோடுகளில் பறக்கும் நேரம் (திரும்புவது சேர்க்காமல்) | 33 நிமிடம் | 50 நிமிடம் |

ஒரே கருவி, ஒரே பிழை. ஓவர்லேப் குறைவாக உள்ள வேலையில் அறிக்கை நன்றாக இருக்கிறது, தரை மோசமாக இருக்கிறது. லைடாரின் இரைச்சலே 2, 3 செ.மீ. இருக்கும்போது 1.9 செ.மீ. வித்தியாசத்தை யாரும் பிழை என்று எண்ண மாட்டார்கள். பட்டைகளுக்கிடையே வித்தியாசம் 2 செ.மீ.தான் என்று ஒருவர் சொன்னால், ஓவர்லேப் எத்தனை சதவீதம் என்று கேட்காமல் அந்த எண்ணை ஏற்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

மற்ற இரண்டு கோணங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிட்ச் பிழை, பறக்கும் திசையில் புள்ளிகளை முன்னோ பின்னோ தள்ளும். நம் ஏரியில் அதே 7 செ.மீ. ஹெடிங் பிழை, நேர்கீழே ஒன்றும் செய்யாமல் ஓரத்தை மட்டும் முன்னே பின்னே இழுக்கும். சமதரையில் இந்த இரண்டும் உயரத்தைத் தொடுவதே இல்லை. கரையின் சரிவிலும் மதகிலும்தான் தெரியும்.

## பிழையின் வகையைக் கண்டுபிடிப்பது

வழிகளுக்குள் போகுமுன் பத்து நிமிடச் சோதனை ஒன்று செய்துவிட வேண்டும். புள்ளிமேகத்தை CloudCompare போன்ற ஒரு மென்பொருளில் திறந்து, `point_source_id` புலத்தை வைத்துப் பட்டைக்கு ஒரு நிறம் கொடுங்கள். பறப்புக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்தில் வெட்டிப் பாருங்கள். ஒரு பட்டையின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் வெட்ட வேண்டும்.

மூன்று இடத்திலும் ஒரே சாய்வு, எதிர்த்திசைப் பட்டையில் அதே சாய்வு தலைகீழாக என்றால், அது போர்சைட். தொடக்கத்தில் பொருந்தி, போகப்போக விலகினால் ஐஎம்யூ நகர்வு. சாய்வே இல்லாமல் ஒரு பட்டை மட்டும் முழுசாக 4 செ.மீ. உயர்ந்து நின்றால் ஜிஎன்எஸ்எஸ் உயரம். பறந்த பிறகு பேஸ் ஸ்டேஷன் பதிவோடு சேர்த்துப் பாதையைக் கணக்கிடும் பிபிகே கணக்கீட்டை முதலில் திரும்பப் பாருங்கள். பேஸ் ஸ்டேஷன் கோஆர்டினேட்டையும் ஆன்டெனா உயரத்தையும் தப்பாகப் போட்டிருந்தால் எல்லாப் பட்டையும் ஒன்றாக ஏறியோ இறங்கியோ இருக்கும். அதை எந்தக் குறுக்குவெட்டும் காட்டாது.

## வழி 1: ஓவர்லேப்பைக் கூட்டி, ஓரத்தை வெட்டுவது

தயாரிப்பாளர் கொடுத்த கோணங்களை அப்படியே நம்பி, 50% ஓவர்லேப்பில் பறந்து, நேர்கீழிலிருந்து 20 டிகிரிக்கு அப்பால் உள்ள புள்ளிகளை விட்டுவிடுவது இந்த வழி. 80 மீட்டர் உயரத்தில் 20 டிகிரி என்றால் ஒரு பக்கத்துக்கு 29 மீட்டர். 56 மீட்டர் இடைவெளியில் பறந்தால் பட்டைகள் தொட்டும் தொடாமலும் தரையை மூடிவிடும். அதிகபட்ச உயரப் பிழை 4.9 செ.மீ.யிலிருந்து 2.5 செ.மீ.க்கு இறங்கும்.

நிலையான கோணப் பிழைக்கும் மாறும் கோணப் பிழைக்கும் இது ஒருபோல வேலை செய்யும் என்பதுதான் இதன் பலம். காரணம் தெரியாமலேயே பாதிப்பைப் பாதியாக்கலாம். ஓரத்துப் புள்ளிகளில் லேசர் சாய்வாக விழுந்து தடம் நீண்டுபோகும். அந்தக் கெடுதலும் சேர்ந்தே போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பறக்கும் நேரம் பாதியளவு கூடுகிறது. பாட்டரி மாற்றங்களும் அதற்கேற்ப. அப்புறம், பக்கவாட்டு நகர்வான 7 செ.மீ. துளிகூடக் குறைவதில்லை. எதிரெதிர்ப் பட்டைகளில் அது எதிரெதிராக இருப்பதால் ஒரு மதகுச் சுவர் 14 செ.மீ. தள்ளி இரண்டாகத் தெரியும். அலையும் சிறிதாகிறதே தவிர அழியவில்லை.

இன்னொரு எச்சரிக்கை மலைப்பாங்கான இடத்துக்கு. ஓவர்லேப் சதவீதம் நீங்கள் திட்டத்தில் போட்ட தரை மட்டத்துக்குத்தான் உண்மை. தரை உயர்ந்தால் பட்டை குறுகும். நம் அமைப்பில் 20% ஓவர்லேப் என்றால், தரை 16 மீட்டர் உயர்ந்த இடத்திலேயே ஓவர்லேப் முழுவதும் காலி. அதற்கு மேல் இடையில் புள்ளியே இல்லாத கோடு விழும். 50% வைத்திருந்தால் 40 மீட்டர் உயர்வு வரை தாங்கும். கொல்லிமலை மாதிரி இடத்தில் தரையைத் தொடர்ந்து ஏறி இறங்கும் பறப்புத் திட்டம் இல்லாமல் சதவீதம் பேசுவதில் பொருளில்லை.

எப்போது சரி: ஒருமுறை வேலை, வாடகைக் கருவி, 5 செ.மீ.க்கு மேல் பொறுத்துக்கொள்ளும் பயன், மென்பொருள் இல்லை. மரம் அடர்ந்த இடத்திலும் ஓவர்லேப்பைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் அங்கே காரணம் வேறு. பல கோணத்திலிருந்து பார்த்தால்தான் இலைகளுக்கிடையே தரை கிடைக்கும். அங்கே ஓரத்தைக் கண்மூடித்தனமாக வெட்டினால் அந்த ஆதாயம் போய்விடும்.

## வழி 2: கேலிப்ரேஷன் பறப்பு

பிழை நிலையானது என்று குறுக்குவெட்டு சொல்லிவிட்டால், அதை வேரிலேயே எடுப்பது இந்த வழிதான். இரு சரிவுக் கூரை உள்ள ஒரு கிடங்கும் பக்கத்தில் ஒரு சமமான தார் ரோடும் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே கோட்டில் போய் அதே கோட்டில் திரும்பி வாருங்கள். பிறகு அந்தக் கோட்டுக்கு இணையாக, அரைப் பட்டை தள்ளி, ஒரே திசையில் இரண்டு கோடு. குறுக்கே இரண்டு. முடிந்தால் இவற்றில் சிலவற்றை 50 மீட்டரிலும் 100 மீட்டரிலும் திரும்பப் பறக்க வேண்டும். கோணப் பிழையின் பக்கவாட்டு விளைவு உயரத்தோடு வளரும். லீவர் ஆர்ம் பிழை, அதாவது ஆன்டெனாவுக்கும் ஐஎம்யூவுக்கும் இடையே உள்ள தூரத்தைத் தப்பாகக் கொடுத்தது, உயரத்தோடு வளராது. இரண்டையும் பிரிக்க இது உதவும்.

ரோலைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரே கோட்டில் எதிரெதிராகப் பறந்த இரண்டு பட்டைகளை ரோட்டில் குறுக்கே வெட்டினால் பெருக்கல் குறி மாதிரி தெரியும். நடுவிலிருந்து 50 மீட்டர் தள்ளி இரண்டு கோட்டுக்கும் இடையே 9 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையும் பாதிப் பிழையைச் சுமக்கிறது, ஆகவே:

```
ரோல் பிழை = 0.09 / (2 × 50) = 0.0009 ரேடியன் ≈ 0.052 டிகிரி
```

இதைத் திருத்திவிட்டுப் பிறகுதான் பிட்ச். பறக்கும் திசைக்குக் குறுக்காக ஓடும் கூரை முகடு ஒன்றை நேர்கீழே வைத்துப் பார்க்க வேண்டும். 80 மீட்டர் உயரத்தில் எதிரெதிர்ப் பட்டைகளில் முகடு 14 செ.மீ. விலகியிருந்தால், 0.14ஐ 160ஆல் வகுத்தால் கோணம். கடைசியில் ஹெடிங்: இணையாகப் பறந்த இரண்டு பட்டைகளின் ஓவர்லேப்பில், அதே மாதிரி முகடு பறப்புத் திசையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பது. இந்த வரிசையை மாற்றினால் ஒன்றின் பிழை இன்னொன்றில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், இந்த எண்களுக்கு ஆயுள் உண்டு. ஸ்கேனரும் ஐஎம்யூவும் ஒரே உறைக்குள் இறுக்கி வைத்த கருவியில், ட்ரோனிலிருந்து கழற்றி மாட்டுவதால் போர்சைட் மாறாது. மாறக்கூடியது ஆன்டெனா லீவர் ஆர்ம் மட்டும்தான். ஐஎம்யூ தனியாகவும் ஸ்கேனர் தனியாகவும் தட்டில் திருகி வைத்த அமைப்பில் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கோணம் மாறலாம். ஒரு முரட்டு இறக்கம் எந்தக் கருவியிலும் கணக்கைக் கலைத்துவிடும். இன்னொன்று: கேலிப்ரேஷன் பறந்த அன்றைக்கு ஐஎம்யூ கணக்கீடு நன்றாக இல்லையென்றால், அந்த நாளின் நகர்வை நிலையான கோணமாகப் பதிந்துகொண்டு, பிறகு வரும் எல்லா வேலையிலும் அதைத் திணிப்பீர்கள். கோடுகளுக்கு முன்னும் பின்னும் எட்டுப் போட்டு, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஐஎம்யூவை நிலைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

எப்போது சரி: சொந்தக் கருவி, தொடர்ச்சியாக வேலை, அதிலும் சமதரை வேலைகள் அதிகம். டெல்டாவில் வயலையும் வாய்க்காலையும் அளக்கப் போகிறவர், அந்தத் தளத்தில் கூரை கிடைக்காது என்பதால், கோணத்தை வேறோர் இடத்தில் கண்டுபிடித்துக் கையோடு கொண்டுபோயே ஆக வேண்டும்.

## வழி 3: மென்பொருளில் பட்டைகளைச் சரிக்கட்டுவது

TerraMatch, RiPROCESS, OPALS போன்றவை ஓவர்லேப்பில் உள்ள பொதுவான பரப்புகளைத் தேடி, அவை ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்படி கோணங்களையோ பறந்த பாதையையோ திருத்துகின்றன. கோணம் மட்டும் திருத்தலாம். பட்டைக்குப் பட்டை உயரமும் சாய்வும் திருத்தலாம். இன்னும் நெகிழவிட்டால் பாதையை நொடிக்கு நொடி வளைக்கலாம். நேரத்தோடு மாறும் பிழையைச் சரிசெய்ய இந்த மூன்று வழியில் இது ஒன்றுதான் உண்டு. சிறிய ட்ரோன்களில் வரும் ஐஎம்யூக்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். இந்த வகையில் பரவலாகப் பயன்படும் ஏபிஎக்ஸ்-15 போன்ற ஒன்றிலேயே, பிந்தைய கணக்கீட்டுக்குப் பிறகு ரோல், பிட்ச் 0.025 டிகிரி, ஹெடிங் 0.08 டிகிரி என்பதுதான் தயாரிப்பாளர் சொல்லும் துல்லியம். போர்சைட் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த அளவு ஆட்டம் மிஞ்சத்தான் செய்யும்.

ஆனால் இந்த வழியில்தான் ஏமாறுவது சுலபம். மென்பொருளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, பட்டைகளுக்கிடையேயான வித்தியாசம். அதைக் குறைக்கச் சொன்னால் குறைத்துவிடும், எதை வளைத்தாவது. நம் ஏரிப் படுகையில் பிட்ச், ஹெடிங் பிழைகளுக்குச் சாட்சியே இல்லை. அந்த இரண்டையும் திருத்தச் சொல்லிவிட்டால் இரைச்சலைப் பார்த்து ஏதோ ஓர் எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும். வித்தியாசம் 1 செ.மீ. என்று அறிக்கை வரும். மதகில் அளந்து பார்த்தால் முன்னைவிடத் தள்ளியிருக்கும்.

பொருத்துவதற்கு எந்தப் பரப்பை எடுக்கிறது என்பதும் முக்கியம். கோரைப் புல், காற்றில் ஆடும் நெற்பயிர், சீமைக்கருவேலப் புதர் இதையெல்லாம் தரை என்று எடுத்துப் பொருத்தினால், கோணம் மாறும்போது தண்டுகளுக்கிடையே லேசர் புகும் ஆழமும் மாறும். அந்த மாற்றத்தைப் பிழை என்று எண்ணி நல்ல பட்டையைக் கெடுக்கும். கடினமான, வழுவழுப்பான பரப்பை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

பாதையை நெகிழவிடும்போது மொத்தப் பகுதியும் ஒரு பக்கம் சாயலாம், நடுவில் வளையலாம். பட்டைகளுக்கிடையே ஒரு வித்தியாசமும் தெரியாது. நான்கு மூலையிலும் நடுவிலும் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி கொடுத்து நிறுத்தினால்தான் இது அடங்கும். உரிமச் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மறைந்த வளைவுதான் பெரிய செலவு.

ஆகவே என் பரிந்துரை, எப்போதும் கடினமான திருத்தத்திலிருந்து நெகிழ்வான திருத்தத்துக்குப் போவது. முதலில் எல்லாப் பட்டைக்கும் பொதுவாக மூன்று கோணம் மட்டும். மிஞ்சிய வித்தியாசத்தைப் பாருங்கள். தேவைப்பட்டால் பட்டைக்கு ஓர் உயரம், ஒரு ரோல். அதற்கும் அடங்காமல் ஒரு பட்டைக்குள்ளேயே மாறினால்தான் பாதையைத் தொட வேண்டும். ஒவ்வொரு படியிலும், சரிபார்க்கவென்றே தரையில் தனியாக அளந்து வைத்த செக் பாயிண்டுகளின் பிழையும் சேர்ந்து குறைகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டை வித்தியாசம் குறைந்து செக் பாயிண்ட் பிழை கூடினால் முந்தைய படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஓவர்லேப் + ஓரவெட்டு | கேலிப்ரேஷன் பறப்பு | மென்பொருள் சரிக்கட்டல் |
|---|---|---|---|
| நிலையான கோணப் பிழை | குறைக்கும் | நீக்கும் | சாய்பரப்பு இருந்தால் நீக்கும் |
| நேரத்தோடு மாறும் பிழை | கோணப் பிழையை மட்டும் குறைக்கும் | தொடாது | திருத்தும் |
| எல்லாப் பட்டைக்கும் பொதுவான உயரப் பிழை | தொடாது | தொடாது | தரைப்புள்ளி கொடுத்தால் மட்டும் |
| வெறும் சமதரை | பயன்படும் | வேறு இடத்தில் பறந்து கொண்டுவரலாம் | ரோல், உயரம் மட்டும் நம்பலாம் |
| மறைந்த செலவு | பறக்கும் நேரம், பக்கவாட்டு நகர்வு மிஞ்சும் | தனித்தனியாகத் திருகியதைக் கழற்றினாலோ அடி பட்டாலோ காலாவதி | பொருந்தியதுபோல் தெரியும் பொய் |

## மூன்றுக்கும் பொதுவாக: குறுக்குக் கோடும் செக் பாயிண்டும்

எந்த வழியை எடுத்தாலும், முக்கியக் கோடுகளுக்குக் குறுக்கே ஒரு கோடாவது பறந்துவிடுங்கள். நம் ஏரியில் ஒரு குறுக்குக் கோட்டுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்தக் கோட்டின் நேர்கீழ்ப் பகுதியில் ரோல் பிழையின் உயர விளைவு பூஜ்யம். அந்த மெல்லிய நடுப்பகுதியை மட்டும் எடுத்து முக்கியப் பட்டைகளோடு ஒப்பிட்டால், மேலே சொன்ன மேடு பள்ள அலை ரம்பப் பல் மாதிரி அப்படியே வெளியே வந்துவிடும். 20% ஓவர்லேப்பில் மறைந்திருந்த 3.9 செ.மீ.யும் தெரிந்துவிடும். 20%ஐ 50% ஆக்க 17 நிமிடம் செலவழிக்க முடியாதவர்கூட இந்த மூன்று நிமிடத்தைக் கொடுக்கலாம். எனக்குக் கேட்டால், 30% ஓவர்லேப்பும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குறுக்குக் கோடும், குறுக்குக் கோடே இல்லாத 50%ஐவிட மேல்.

செக் பாயிண்டுகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் இடத் தேர்வில். வசதியாக இருக்கிறதென்று கரை ரோட்டை ஒட்டி வரிசையாக வைப்பார்கள். கரைக்கு இணையாகவே ட்ரோனும் பறந்திருக்கும். புள்ளிகள் பறப்புக் கோட்டுக்கு நேர்கீழே விழுந்தால் ரோல் பிழை அங்கே பூஜ்யம், ஆகவே அறிக்கையில் 2 செ.மீ. வரும். புள்ளிகளில் பாதியைப் பட்டைகள் சந்திக்கும் நடுக்கோட்டில் வைக்க வேண்டும். அதிலும் தூக்கியிருக்கும் சந்திப்பு, தாழ்ந்திருக்கும் சந்திப்பு இரண்டிலும் வைக்க வேண்டும். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, அமெரிக்க ஏஎஸ்பிஆர்எஸ் அமைப்பின் 2023 பதிப்புத் தரநிலை குறைந்தது 30 புள்ளி கேட்கிறது. சிறு வேலையில் அத்தனை வைக்க முடியாமல் போகலாம். அப்போது எத்தனை வைத்தோம் என்பதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

ஒப்பிடும்போது பக்கத்தில் உள்ள ஒரே லேசர் புள்ளியோடு ஒப்பிடாதீர்கள். தரைப் புள்ளிகளிலிருந்து உண்டாக்கிய முக்கோணப் பரப்போடு ஒப்பிட வேண்டும். பரப்பை உண்டாக்கும் முன்பே பட்டைகளைப் பொருத்திவிடுவதும் அவசியம். தரை இரண்டு அடுக்காகப் பிரிந்து இருக்கும்போது, தரையைப் பிரித்தெடுக்கும் கணக்கு கீழ் அடுக்கைத் தரையென்றும் மேல் அடுக்கைப் புல்லென்றும் எண்ணும். படுகை முழுக்க உண்மையைவிடத் தாழ்ந்துபோகும்.

## எந்த வேலைக்கு எது

வண்டல் கன அளவு மட்டும் கேட்கிறார்கள் என்றால், ரோல் அலையைவிடப் பயப்பட வேண்டியது பேஸ் ஸ்டேஷனின் உயரத்துக்குத்தான். இரட்டை அடுக்குச் சிக்கலைத் தீர்த்துவிட்டால், அலையின் மேடும் பள்ளமும் கூட்டலில் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 3 செ.மீ. பேஸ் பிழை அடித்துக்கொள்ளாது. ஒரு சதுர கிலோமீட்டரில் அது 30,000 கன மீட்டர். இந்த வேலைக்கு வழி 1 போதும். மிச்சமாகும் நேரத்தை ஆட்டோ லெவலில் பெஞ்ச் மார்க்கிலிருந்து மட்டம் கொண்டுவந்து பேஸைச் சரிபார்ப்பதில் போடுங்கள்.

நீரோட்டம், வாய்க்கால் சாய்வு, வெள்ளம் தேங்கும் இடம் என்றால் கதையே வேறு. 2000-க்கு 1 என்ற சாய்வில் 90 மீட்டருக்கு இறக்கம் 4.5 செ.மீ.தான். 90 மீட்டருக்கு ஒருமுறை மேலே 3.9, கீழே 3.9 செ.மீ. என்று அலையும் பரப்பு அந்த இறக்கத்தை விழுங்கிவிட்டு, இல்லாத பள்ளத்தில் தண்ணீர் தேங்குவதாகக் காட்டும். இதற்கு வழி 2 கட்டாயம். அதற்கு மேல் வழி 3-ஐ ரோலும் உயரமும் மட்டும் திருத்தும்படி இறுக்கி வைத்துப் பயன்படுத்தலாம்.

கல்குவாரி, மலைச்சரிவு, கட்டடங்கள் உள்ள இடம் என்றால் தளத்திலேயே எல்லாத் திசைச் சரிவும் கிடைக்கிறது. அங்கே தனிக் கேலிப்ரேஷன் பறப்பு பறக்காமல் நேராக வழி 3-க்குப் போகலாம். குறுக்குக் கோடும் மூலைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் இருந்தால் போதும்.

வேலையை வெளியே கொடுக்கிறவராக இருந்தால், ஒப்பந்தத்தில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: பட்டை எண் அழிக்கப்படாத புள்ளிமேகம், சரிக்கட்டலுக்கு முன்னும் பின்னும் எடுத்த பட்டை வித்தியாசப் படம், ஒவ்வொரு செக் பாயிண்டும் பறப்புக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருந்தது என்ற பட்டியல். இந்த மூன்றையும் கொடுக்க யாருக்கும் தனியாக ஒரு பறப்பு தேவைப்படாது. எல்லாம் ஏற்கெனவே அவர்கள் கணினியில் இருக்கும்.